வகுப்பாசிரியருக்கு மாணவர்கள் எழுதும் பிரியாவிடைக் கவிதை: செய்முறை

நான்கு வரிப் பத்திகள் நான்கு போதும். அதற்கு மேல் நீண்டால் கடைசி வரிசை பேச ஆரம்பித்துவிடும்.

முதலில் துண்டுச்சீட்டு கொடுங்கள். "டீச்சர் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம்" என்று மட்டும் கேளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள். முதல் ஆள் எழுதியதற்கே மற்றவர்கள் கட்டைவிரல் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சீட்டில்தான் ஒரே வாக்கியம் பல கையெழுத்தில் வரும். அப்படித் திரும்பத் திரும்ப வருவதுதான் உங்கள் வகுப்பின் நகைச்சுவை. மூன்று பேருக்கு மட்டும் புரிவதை விட்டுவிடுங்கள்.

அதிகம் தவறுவது அடுத்த கட்டத்தில், எதைக் கேலி செய்யலாம் என்று முடிவு செய்யும்போது. ஆசிரியர் அக்கறையால் செய்வதைச் சீண்டினால் அவரே முதலில் சிரிப்பார். மணி அடித்த பிறகும் பாடம் நடத்துவது, சாக்பீஸ் பொடி படிந்த புடவையோடு அடுத்த வகுப்புக்குப் போவது போன்றவை அந்த வகை. உருவம், குரல், உச்சரிப்பு, குடும்பம், ஒருவரை அவர் திட்டிய நாள் ஆகியவை எவ்வளவு மென்மையாக எழுதினாலும் குத்தும். சந்தேகம் வந்தால் அந்த வரியை அவர் முகத்தைப் பார்த்துத் தனியாகச் சொல்ல முடியுமா என்று யோசியுங்கள். முடியாதென்றால் அடித்துவிடுங்கள்.

இப்போது ஒரு சீட்டை எடுப்போம்: "இன்னும் ஒரே ஒரு கணக்கு." கடைசிச் சொல்லில் இயைபு தேடி "பின்னே, முன்னே" என்று நிரப்புவதைவிட, தொடக்கத்தில் எதுகை பிடிப்பது எளிது. இரண்டாம் எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், முதல் எழுத்து இரண்டிலும் குறிலாகவோ நெடிலாகவோ ஒத்திருக்க வேண்டும். "கணக்கு" என்றதும் "வணக்கம்" தானாக வந்து நிற்கிறது. வகுப்பு முடியும்போது சொல்வதும் அதுதானே!

கணக்கு இன்னும் ஒன்றே என்பீர்
கடைசி மணி அடித்த பின்பும்;
வணக்கம் சொல்ல எழுந்து நிற்போம்,
வந்து நிற்கும் அடுத்த கணக்கு!

கணக்கு–கடைசி, வணக்கம்–வந்து என்று மோனையும் அமைந்துவிட்டது. வாய்விட்டுப் படித்தால் நாக்கு தடுக்கும் இடம் தெரியும். அங்கே சொல்லைக் குறையுங்கள், கூட்டாதீர்கள்.

கடைசிப் பத்திக்குப் புதிதாக "வழிகாட்டும் விளக்கே", "அறிவின் ஊற்றே" என்று தேடவே வேண்டாம். அந்த வரிகள் எந்த ஆசிரியருக்கும் பொருந்தும். அதனாலேயே இவரைத் தொடாது. முதலில் சொன்ன கேலியையே திருப்பிப் போடுங்கள். அன்று மாணவர்கள் ஓடத் துடித்தார்கள், இன்று போக மனமில்லை:

இன்று மணி அடித்து விட்டது,
எழுந்து போக மனமே இல்லை;
ஒன்றே ஒன்று, டீச்சர், இன்னும்
ஒரு கணக்குப் போட்டுப் போங்கள்.

பின்சேர்க்கை: வாசிக்க இரண்டு பேரை நிறுத்துங்கள். கடைசிப் பத்தியில் ஒருவருக்குத் தொண்டை அடைத்தால் மற்றவர் தொடர்வார். ஒவ்வொருவர் கையிலும் முழுக் கவிதையும் இருக்கட்டும். பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தால் இது நடக்காது.