ஷூ ரிட்டர்னைக் குறைக்க: சைஸ் சார்ட்டைத் திருத்துவது எப்படி?

ஆன்லைனில் செருப்பு, ஷூ விற்பவர்களுக்கு ஆர்டர் வருவது பெரிய தலைவலி இல்லை. போன ஷூ திரும்பி வருவதுதான் தலைவலி. போக வர கூரியர் செலவு, கசங்கிய பெட்டி, சோலில் தேய்மானம். ஆம்பூரில் ஆண்களுக்கான தோல் லோஃபர் விற்கும் என் நண்பர் ஒருவருக்கு இதைச் சரிசெய்ய உதவினேன். செய்ததை வரிசையாக எழுதுகிறேன். அவருடைய எல் 4 என்ற ஒரே ஒரு மாடலை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

1. முதலில் ரிட்டர்னைப் பிரியுங்கள்

கடைசி மூன்று மாத ஆர்டர்களை ஒரு ஷீட்டில் போடுங்கள். வாடிக்கையாளர் வாங்காமலே திரும்பிய பார்சல்களை (நாம் ஆர்டிஓ என்று சொல்வது) தனியே தூக்கி வையுங்கள். அது வேறு நோய், அதற்கு வேறு மருந்து. பெட்டியைத் திறந்து, போட்டுப் பார்த்துத் திருப்பியவை மட்டும்தான் இங்கே வேண்டும்.

ஷீட்டில் நான்கு பத்தி போதும்: ஆர்டர் தேதி, மாடல், சைஸ், காரணம். காரணத்தை உங்கள் சொல்லில் சுருக்கி எழுதுங்கள்: சிறிது, பெரிது, நிறம், மற்றவை. சைஸ் 8-இல் எத்தனை பேர் 'சிறிது' என்றார்கள் என்று எண்ண இது போதும்:

```
=COUNTIFS(B:B,"L4",C:C,8,D:D,"சிறிது")
```

எல் 4-இல் 140 ஜோடி டெலிவரி ஆகி, 41 திரும்பியிருந்தது. சிறிது என்று 23, பெரிது என்று 9, நிறம் 6, மற்றவை 3. ஒரே திசையில் இப்படிச் சாய்ந்திருந்தால் சார்ட்டையோ, ஷூவை வடிக்கும் கால் வடிவ அச்சான லாஸ்ட்டையோதான் சந்தேகப்பட வேண்டும். சிறிதும் பெரிதும் ஏறக்குறைய சமமாக இருந்தால் மக்கள் குத்துமதிப்பாகச் சைஸ் எடுக்கிறார்கள் என்று அர்த்தம். 'சிறிது' ஒரே ஒரு சைஸில் மட்டும் குவிந்தால் அந்த பேட்சின் தையலைப் பாருங்கள். இங்கே 7, 8, 9 எல்லாவற்றிலும் பரவலாக இருந்தது.

2. சார்ட்டில் இருக்கும் எண் எதனுடைய நீளம்?

தப்பு இங்கேதான் இருந்தது. நண்பரின் பக்கத்தில் "யூகே 8 = 27.9 செ.மீ" என்று போட்டிருந்தார். 27.9 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். லாஸ்ட் சப்ளையர் கொடுத்த தாளில் இருந்ததாம். யூகே அளவில் ஒவ்வொரு சைஸும் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மி.மீ. அந்தக் கணக்கில் 8-க்கு லாஸ்ட்டின் நீளம் 11 அங்குலம், 27.9 செ.மீ. கணக்கு சரி. ஆனால் அது லாஸ்ட்டின் நீளம், காலின் நீளம் இல்லை.

மூடிய ஷூவில் விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்க வேண்டும். நடக்கும்போது கால் முன்னே நகரும், முனையும் வளைந்து குறுகும். சாதாரண முனைக்கு 10 முதல் 15 மி.மீ வரை விட வேண்டியிருக்கும், கூர் முனை என்றால் இன்னும் கூடும். முன்பக்கம் திறந்த சப்பலுக்கு இவ்வளவு தேவையில்லை. ஆகவே ஒரே சார்ட்டை எல்லா மாடலுக்கும் ஒட்டாதீர்கள்.

இப்போது 27 செ.மீ கால் உள்ளவரை நினைத்துப் பாருங்கள். சார்ட்டில் 8-க்கு 27.9 என்று இருக்கிறது. தாராளமாகப் போதும் என்று 8 எடுப்பார். உண்மையில் அவருக்கு 9 வேண்டும். பார்சல் போன வேகத்தில் திரும்பி வரும்.

3. ஷூவை நிஜக் காலில் போட்டுப் பாருங்கள்

டேப்பை ஷூவுக்குள் விட்டு அளந்தால் மட்டும் போதாது. பட்டறையிலும் அக்கம்பக்கத்திலும் ஏழெட்டு பேரைக் கூப்பிட்டு, காலை அளந்து, மெல்லிய சாக்ஸோடு போட வைத்து, பத்து நிமிடம் நடக்கவிட்டோம். எந்த நீளம் வரை எந்த சைஸ் உறுத்தாமல் இருந்தது என்று குறித்ததில், விரலுக்கு முன் சுமார் 14 மி.மீ இடம் தேவைப்பட்டது. புதிய சார்ட் இப்படி வந்தது:

கால் நீளம் 24.1 – 24.8 செ.மீ: யூகே 6
24.9 – 25.7: யூகே 7
25.8 – 26.5: யூகே 8
26.6 – 27.4: யூகே 9

இது அந்த ஒரு லாஸ்ட்டுக்கு மட்டுமே பொருந்தும். உங்கள் மாடலுக்கு இதை அப்படியே எடுத்துப் போட்டால் பழைய கதைதான். மார்க்கெட்பிளேஸில் அவர்களுடைய சார்ட்டை மாற்ற முடியாவிட்டால், உங்களுடையதைப் பொருள் படங்களில் இரண்டாவதாக ஏற்றுங்கள். கடைசிப் படம் வரை யாரும் தள்ளிப் பார்ப்பதில்லை.

4. அளக்கச் சொல்லும் வாசகம்

"காலை அளந்து வாங்கவும்" என்று எழுதி விட்டுவிடாதீர்கள். நாங்கள் எழுதியது: "மாலையில் அளக்கவும். சுவரை ஒட்டித் தாளை வைத்து, குதிகால் சுவரில் படும்படி எழுந்து நிற்கவும். நீளமான விரலின் நுனியில் பேனாவை நேராகப் பிடித்துக் கோடு போடவும். இரண்டு காலையும் அளந்து, பெரிய அளவை எடுக்கவும்."

பேனா நேராக இருக்க வேண்டும் என்பது சும்மா இல்லை. உள்பக்கம் சாய்ந்தால் மூன்று நான்கு மி.மீ குறையும், அதாவது அரை சைஸ். அப்புறம், உட்கார்ந்து அளந்தாலும் கால் சற்றுக் குறைவாகவே காட்டும்.

5. 'பெரிது' என்று வந்தவர்களை நம்பிவிடாதீர்கள்

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. 'பெரிது' என்ற 9 பேரில் ஐந்து பேருக்குப் போன் போட்டோம். மூன்று பேர் சொன்னது ஒரே கதை: வழக்கமான சைஸ் பக்கவாட்டில் பிடிக்கும், அதனால் ஒரு சைஸ் கூட எடுத்தேன், இப்போது குதிகால் கழன்று வருகிறது. அகலமான கால்தான் பிரச்சினை. லோஃபருக்கு லேஸ் கிடையாது, இழுத்துக் கட்டவும் முடியாது. பட்டறை மாஸ்டரும் அதையே சொன்னார்: "தம்பி, தோல் அகலத்துல கொஞ்சம் விட்டுக் கொடுக்கும், நீளத்துல கொடுக்காது."

அதனால் விவரத்தின் முதல் வரியிலேயே போட்டோம்: "நடுத்தர அகலக் காலுக்கான மாடல். மிக அகலமான காலுக்குப் பொருந்தாது; சைஸ் கூட்டி எடுத்தால் குதிகால் கழலும்." விற்பனை குறையுமே என்று நண்பர் தயங்கினார். திரும்பி வரப்போகும் விற்பனை குறைந்தால் குறையட்டும் என்றேன்.

நிறப் புகாருக்கு, டான் நிற ஷூவை ஜன்னல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்து மறுபடி படம் எடுத்தோம். அவ்வளவுதான்.

6. பலன் பார்க்கும்போது ஒரு பொறி

இந்த மாத ரிட்டர்னை இந்த மாத விற்பனையால் வகுக்காதீர்கள். இன்று திரும்பும் ஷூ பழைய சார்ட்டைப் பார்த்து வாங்கியதாக இருக்கலாம். சார்ட் மாற்றிய தேதிக்குப் பின் வந்த ஆர்டர்களை மட்டும் எடுத்து, ரிட்டர்ன் கெடு முடியும்வரை காத்திருந்து எண்ணுங்கள்.

ஆறு வார ஆர்டரில் 74 ஜோடி டெலிவரி, 13 ரிட்டர்ன். முன்பு நூற்றுக்கு 29, இப்போது 18-க்குக் கொஞ்சம் கீழே. எண்ணிக்கை சின்னதுதான், ஆகவே இன்னும் இரண்டு மாதம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். 'சிறிது' என்று வந்தவை 4. 'பெரிது' என்பதும் 4. அது கூடியிருந்தால் சார்ட்டை மறுபக்கம் இழுத்துவிட்டோம் என்று தெரிந்திருக்கும்.

'பெரிது' என்ற அந்த 4 பேரில் இருவர் இன்னமும் அகலக் கால்காரர்கள். நண்பர் இப்போது அதே மாடலை அகலம் கூட்டிய லாஸ்ட்டில், சைஸ் 8-க்கு மட்டும், சாம்பிள் போட்டுக்கொண்டிருக்கிறார்.