போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்களா? ஓய்வு நாளை இப்படி வையுங்கள்

குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்கள் பலர் ஞாயிறை ஓய்வு நாளாக வைத்துக்கொண்டு, அன்று காலையே மாதிரித் தேர்வும் எழுதிவிட்டு, சாயங்காலம் தப்பான விடைகளைப் புரட்டிக்கொண்டு இருப்பார்கள். அது ஓய்வே இல்லை. தேர்வு ஞாயிறு என்றால் விடைகளை அன்றே சரிபார்த்துவிட்டு ஓய்வைத் திங்களுக்குத் தள்ளுங்கள்.

குற்ற உணர்ச்சி பெரும்பாலும் பாதியில் நிற்கும் பாடத்தால்தான் வருகிறது. அதனால் ஞாயிறு இரவு பத்து நிமிடம் ஒதுக்கி, எதில் நிறுத்தினோம், செவ்வாய் காலை எந்தப் பக்கத்தில் தொடங்குவோம் என்று ஒரு தாளில் எழுதி, புத்தகத்தை மூடிவிடுங்கள். மிச்சத்தைத் தாள் பார்த்துக்கொள்ளும்.

சரி, ஓய்வு நாளில் என்ன செய்வது? வழக்கமான நேரத்துக்கே எழுந்திருங்கள், பகல் வரை தூங்கினால் அன்றிரவு தூக்கம் தள்ளிப்போய் செவ்வாயும் கெடும். காலையில் உடம்பு அசையும் ஒரு வேலை, மதியம் ஆள்களோடு கொஞ்ச நேரம், மீதியைக் காலியாக விடுங்கள். துணி துவைப்பது, கடைக்குப் போவதெல்லாம் வேறு நாளுக்கு. ரீல்ஸ் பார்த்தே பொழுது போனால் சாயங்காலம் கண் எரியும், தலை கனக்கும், அது ஓய்வு இல்லை என்று அதை வைத்தே தெரிந்துகொள்ளலாம். அசல் தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் ஓய்வை அரை நாளாகக் குறைத்தால் போதும், அடியோடு விட்டுவிடாதீர்கள்.