கெடு தேதிக்கு முன்பே அனுப்பும் முதல் நினைவூட்டலைத் திருத்தி எழுதுவது எப்படி?

பிரிக்ஃபீல்ட்ஸில் சிறு வியாபாரம் செய்யும் சிலருக்கு நான் கணக்கு எழுதுகிறேன். அவர்களில் கேட்டரிங் செய்யும் அக்கா ஒருவர், ஒரு பயிற்சி நிலையத்துக்குப் பசியாறலும் மதிய உணவும் கொடுத்திருந்தார். இன்வாய்ஸ் தேதி ஜூன் 2, தவணை 30 நாள், அதாவது ஜூலை 2 வரை நேரம் இருக்கிறது. அதற்கு ஒரு வாரம் முன்பு, வாட்ஸ்அப்பில் அனுப்ப இதை எழுதி என்னிடம் காட்டினார்:

> வணக்கம். இன்வாய்ஸ் 0147, 1,850 வெள்ளி இன்னும் வரவில்லை. 2ஆம் தேதிக்குள் கட்டாயம் கட்டிவிடவும். தாமதம் வேண்டாம்.

ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. ஆனாலும் படிப்பவருக்குச் சுருக்கென்று இருக்கும். ஏனென்று பார்த்துத் திருத்துவோம்.

முதலில், நடக்காத தவறைச் சொல்லும் சொற்களை எடுத்துவிடுங்கள். “இன்னும் வரவில்லை” என்றால் வந்திருக்க வேண்டியது வரவில்லை என்று பொருள். கெடுவுக்கு ஏழு நாள் இருக்கும்போது அது உண்மையே இல்லை. “நிலுவை”, “பாக்கி”, “கட்டாயம்”, “தாமதம் வேண்டாம்” எல்லாம் கெடு தாண்டியவருக்குச் சொல்பவை. சிலர் இதற்குப் பயந்து, “தொந்தரவுக்கு மன்னிக்கவும்” என்று தொடங்குவார்கள். அதுவும் வேண்டாம். செய்த வேலைக்குக் காசு கேட்பதில் மன்னிப்புக் கேட்க எதுவுமில்லை. மன்னிப்பில் தொடங்கினால், அடுத்து ஏதோ சங்கடமான விஷயம் வரப்போகிறது என்றுதான் எதிரில் இருப்பவர் நினைப்பார்.

அடுத்து, அந்தச் செய்தியைக் கையில் வைத்து வேலை செய்யப்போகிறவரை நினைத்துப் பாருங்கள். ஆர்டர் கொடுத்தவர் ஒருவர், காசு போடுகிறவர் வேறொருவர். இங்கே அது கணக்குப் பிரிவில் இருக்கும் ஒரு மேடம். அவருக்கு எந்த வேலைக்கான இன்வாய்ஸ், எண் என்ன, எவ்வளவு, எந்தத் தேதி என்பது ஒரே பார்வையில் தெரிய வேண்டும். தேதியோடு கிழமையையும் எழுதுங்கள். இன்வாய்ஸை மறுபடி இணைத்துவிடுங்கள். பழைய செய்திகளுக்குள் அவரைத் தேட விடாதீர்கள். பேங்க் கணக்கு எண்ணை மட்டும் செய்தியில் புதிதாக எழுத வேண்டாம். எண் மாறிவிட்டது என்று சொல்லிப் பணம் பறிக்கும் மோசடிகள் நடப்பதால் கணக்குப் பிரிவில் உஷாராக இருப்பார்கள். இன்வாய்ஸில் உள்ளதே என்று சொன்னால் போதும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது. கடைசி வரியைக் கட்டளையாக இல்லாமல் கேள்வியாக வையுங்கள், அதுவும் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக. “ஏதாவது உதவி தேவையா?” என்றால் யாரும் பதில் போட மாட்டார்கள். நான் பார்த்தவரை, காசு கட்ட மனமில்லாமல் இன்வாய்ஸ் தேங்குவதைவிட, ஏதோ ஒரு தாள் குறைந்து தேங்குவதுதான் அதிகம். ஆர்டரை உறுதிசெய்யும் பர்ச்சேஸ் ஆர்டரின், அதாவது பி.ஓ.வின் எண் இல்லை, அல்லது பொருள் வந்து சேர்ந்ததற்கான டெலிவரி ஆர்டரில், அதாவது டி.ஓ.வில் கையெழுத்தும் சாப்பும் இல்லை. அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அனுப்பும் நாளும் இதோடு சேர்ந்தது. அந்த நிலையத்தில் செவ்வாய்க்கிழமைதான் பேமெண்ட் போடுவார்கள். கெடு வியாழக்கிழமை, ஜூலை 2; அதற்கு முந்தைய செவ்வாய் ஜூன் 30. ஜூலை 1 அன்று நினைவூட்டினால், எவ்வளவு இனிமையாக எழுதினாலும் ஜூலை 7தான். அதனால் ஜூன் 25 வியாழன் காலையில் அனுப்பினோம். குறை இருந்தால் சரிசெய்ய வெள்ளியும் திங்களும் கையில் இருந்தன.

> வணக்கம் மேடம். ஜூன் 2 பயிற்சிக்குக் கொடுத்த பசியாறல், மதிய உணவுக்கான இன்வாய்ஸ் 0147, மொத்தம் 1,850 வெள்ளி. கெடு தேதி ஜூலை 2, வியாழக்கிழமை. உங்கள் வசதிக்காக இன்வாய்ஸை மறுபடி இணைத்திருக்கிறேன். பேங்க் கணக்கு அதில் உள்ளதுதான். செவ்வாய்க்கிழமை பேமெண்டில் சேர்க்க பி.ஓ. எண்ணோ டி.ஓ. நகலோ தேவைப்படுகிறதா? சொன்னால் இன்றே அனுப்பிவிடுகிறேன்.

அனுப்பும் முன் ஒரு சோதனை: வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நேற்றே காசு போட்டுவிட்ட ஒருவர் இதைப் படித்தால் கோபப்படுவாரா? பழைய செய்திக்குப் படுவார், புதியதற்குப் படமாட்டார்.

மதியமே பதில் வந்தது: “டி.ஓ.வில் எங்கள் சாப் இல்லை அக்கா, அதனால் ஓரமாக வைத்திருந்தேன்.” அக்கா மறுநாளே தாளோடு நேரில் போய்ச் சாப் வாங்கி வந்தார். செவ்வாய் சாயங்காலம் காசு கணக்கில் ஏறியது.

பதில் வராவிட்டால் கெடுவுக்கு முன் இரண்டாவது செய்தி வேண்டாம். கெடு தாண்டிய பிறகும் இதே செய்தியை அனுப்பாதீர்கள், அப்போது “தேதி கடந்துவிட்டது, எந்த நாளில் போடுவீர்கள்?” என்று நேராகவே கேட்கலாம்.