பதிவில்லாத டைமிங் பெல்ட்டை மாற்றிய அனுபவம்

பழைய டீசல் கார் ஒன்றை வாங்கியபோது அதன் டாஷ்போர்டில் சர்வீஸ் நினைவூட்டல் எதுவும் எரியவில்லை. ஆனால் அந்த விளக்கை அணைப்பது அடுத்த சர்வீஸுக்கான கணக்கை மட்டுமே புதிதாகத் தொடங்கும், பெல்ட் மாற்றப்பட்டதற்குச் சான்றாகாது என்பதாலும், சர்வீஸ் புத்தகத்தில் டைமிங் பெல்ட் மாற்றிய பதிவே இல்லாததாலும், முதல் வேலையாக அதை மாற்ற முடிவு செய்தேன்.

பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க் ஷாஃப்ட் இருமுறை சுழலும்போது, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஒருமுறை சுழல வேண்டும். அந்த ஒத்திசைவைக் காப்பது இந்தப் பெல்ட்தான். ஓட்டத்தில் அது அறுந்தால் கேம் ஷாஃப்ட் நின்றுவிடும், பிஸ்டனோ வேகத்தில் மேலேறி, திறந்திருக்கும் வால்வுகளை மோதி வளைத்துவிடும். டீசல் இன்ஜினில் அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி மிகக் குறைவு.

மூடியைக் கழற்றியபோது பெல்ட்டின் பற்களடியில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. வெளியே எந்தச் சத்தமும் வந்ததில்லை. (பெல்ட்டுக்குப் பதில் செயின் உள்ள இன்ஜினில் அது தளர்ந்தால் குளிர்ந்த இன்ஜினைத் தொடக்கும்போது கடகடவென்ற ஒலியாவது கேட்கும்.)

மெக்கானிக் இரு ஷாஃப்ட்டுகளையும் அசையாதபடி பின்களைச் செருகிப் பூட்டி, பெல்ட்டுடன் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதன் பாதையைத் தாங்கும் ஐட்லர், அதே பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப் ஆகியவற்றையும் மாற்றினார். பம்ப்பின் பேரிங் இறுகினால் புதிய பெல்ட்டும் பாழாகும். பின்களை எடுத்தபின் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், கிராங்க்கைக் கையால் இரு முழுச் சுற்று சுழற்றி, பின்கள் மீண்டும் சரியாக நுழைவதை உறுதிசெய்தார். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் மூடியின் மேல் எழுதி ஒட்டினோம், ஏனெனில் குறைவாக ஓடும் காரிலும் ரப்பர் ஆண்டுக்கணக்கில் முதுமையடைகிறது.