கம்பெனி இணைந்ததில் காணாமல் போன என் 9 வருட பிஎஃப் சர்வீஸ்

கங்கைகொண்டானில் நான் இருந்த கம்பெனி இன்னொன்றோடு இணைந்ததும், பழைய கம்பெனியே நடத்திய பிஎஃப் டிரஸ்டில் இருந்த பணம் முழுசாகப் பிஎஃப் அலுவலகத்தின் புதுக் கணக்குக்கு வந்துவிட்டது, ஆனால் பிஎஃப் தளத்தின் Service History-இல் பழைய 9 வருடத்தைக் காணோம். "பணம் வந்துட்டுல்லா, அண்ணாச்சி" என்றார் எச்ஆர் தம்பி. மறுபடி டிரான்ஸ்ஃபர் போட்டேன், மாற்றப் பணமே இல்லை என்று நின்றது. இப்படியே ஒரு வாரம் போனது.

அப்புறம்தான் பணத்தை மாற்றும்போது தொகையும் சர்வீஸ் விவரமும் எழுதி டிரஸ்ட் அனுப்பிய அனெக்சர் கே என்ற தாளின் நகலை வாங்கிப் பார்த்தேன். தொகை பைசா சுத்தம், சேர்ந்த தேதி என்ற இடத்தில் மட்டும் கம்பெனி இணைந்த தேதி! நியமன ஆணையைக் காட்டி, திருத்திய அனெக்சர் கே-யை டிரஸ்டே பிஎஃப் அலுவலகத்துக்கு அனுப்ப வைத்ததும் 9 வருடமும் ஏறியது. டிரஸ்டில் இருப்பது பிஎஃப் பணம்தான், பென்ஷன் பங்கு முதலிலிருந்தே பிஎஃப் அலுவலகத்துக்குப் போகிறது, அதில் மாதப் பென்ஷனுக்கு 10 வருட சர்வீஸ் வேண்டும். அதனால் தொகையோடு தேதியையும் பாருங்கள்.