ஊக்க வரியில் ஒட்டிக்கொண்ட வெற்றுச் சொற்களைக் கழிப்பது எப்படி?

புதிதாக ஓடப் பழகும் நண்பர்களுக்காக நான் ஒருமுறை எழுதிய வரி இது:

“வாழ்க்கையில் உண்மையிலேயே மிகப்பெரிய வெற்றியை அடைய வேண்டுமென்றால், ஒவ்வொருவரும் எப்போதும் விடாமுயற்சியுடன் தொடர்ந்து முயற்சி செய்துகொண்டே இருக்க வேண்டும்.”

மொத்தம் 14 சொற்கள். படித்தால் கம்பீரமாகத்தான் இருக்கிறது. இதையே பிரித்துப் பார்ப்போம்.

படி 1: ஒவ்வொரு சொல்லாக அடியுங்கள்

ஒரு சொல்லை விரலால் மறைத்துவிட்டு வரியை வாய்விட்டுப் படியுங்கள். பொருள் மாறவில்லை என்றால் அந்தச் சொல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. ‘உண்மையிலேயே’ போகலாம். பொய்யாக வெற்றி பெறச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ‘வாழ்க்கையில்’, ‘மிகப்பெரிய’, ‘ஒவ்வொருவரும்’, ‘எப்போதும்’ எல்லாம் அதே ரகம்.

அடுத்தது கொஞ்சம் ஏமாற்றும். ‘விடாமுயற்சியுடன்’, ‘தொடர்ந்து’, ‘செய்துகொண்டே இருக்க’ மூன்றும் சொல்வது ஒரே விஷயம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அவசியம் போலத் தெரியும், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் குட்டு உடையும். மிஞ்சுவது:

“வெற்றி பெற முயல வேண்டும்.”

படி 2: எதிர்மறையாக்கிப் பாருங்கள்

“வெற்றி பெற முயலக் கூடாது” என்று யாராவது சொல்வார்களா? மாட்டார்கள். மறுக்கவே முடியாத வரியில் கருத்து என்று எதுவும் இல்லை. அத்தனை சொற்களும் சேர்ந்து மறைத்துக்கொண்டிருந்தது இந்த வெறுமையைத்தான்.

படி 3: கண்ணால் பார்க்க முடிகிறதா?

‘வெற்றி’யையும் ‘முயற்சி’யையும் படம் பிடிக்க முடியாது. இங்கே பலரும் ‘வெற்றிச் சிகரம்’, ‘முயற்சி எனும் ஏணி’ என்று உவமைக்குத் தாவுவார்கள். மலையும் ஏணியும் தெரியும், படிப்பவர் செய்ய வேண்டிய வேலை தெரியாது. அதற்குப் பதிலாக, யார், எந்த நேரத்தில் கைவிடப் பார்க்கிறார் என்று கேளுங்கள். என் நண்பர்கள் விட்டது, ஒருநாள் ஓடாமல் போன மறுநாள். விட்டதையும் சேர்த்து இரண்டு மடங்கு ஓட வேண்டும் என்று மலைத்துப்போய் அப்படியே படுத்துவிடுவார்கள். சரி, அவர்களிடம் என்ன சொல்லலாம்?

“நேற்று ஓடவில்லையா? இன்று பத்து நிமிடம் மட்டும் ஓடுங்கள்.”

இப்போது எதிர்மறைச் சோதனையை மறுபடி வையுங்கள். “நேற்று விட்டதையும் சேர்த்து ஓடுங்கள்” என்று ஒருவர் வாதாட முடியும். அதாவது என் வரி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. நீச்சல் பழகுபவருக்கு இது உதவாது, அது தெரிந்தே கொடுத்த விலை.

அடிக்கும்போது ஒரு எச்சரிக்கை

கை பழகிவிட்டால் ‘மட்டும்’ என்பதையும் அடிக்கத் தோன்றும். மறைத்துப் படித்துப் பாருங்கள்: “இன்று பத்து நிமிடம் ஓடுங்கள்.” இது கட்டளையாகிவிட்டது. ‘அதற்கு மேல் வேண்டாம்’ என்ற சலுகை அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது. அதை அடிக்காமல் விட்டுவிடுங்கள்.