தகரத்து மழை எண்ணெயில் கொதித்த கதை: போன் கேமில் ஒலியைச் சுருக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நானும் என் மச்சானும் சேர்ந்து ஒரு சின்ன போன் கேம் செய்தோம். தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன், மழைக்குள் லயத்துக்கு ஓடுகிறான். அவ்வளவுதான் கதை. தகரக் கூரையில் மழை, தூரத்தில் தப்பு அடிக்கும் சத்தம், கோயில் மணி, சேற்றில் செருப்புச் சத்தம், பின்னணி இசை இரண்டு. வேவ் ஃபைலாக எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 65 எம்பி. டேட்டா காட் போட்டு விளையாடப்போகிற பிள்ளைகளுக்கு அது அநியாயம் என்று தோன்றியதால், ஒரே இரவில் எல்லாவற்றையும் நசுக்கினேன். காலையில் மச்சான் ஹெட்செட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு, "மச்சான், மழை பெய்யுதா, யாராச்சும் வடை சுடுறாங்களா?" என்றான்.

அந்த வடைச்சட்டிக்குப் பின்னால் நான்கைந்து தவறுகள் இருந்தன. யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் வேலை செய்தபடியால் அதன் அமைப்புகளின் பெயர்களையே சொல்கிறேன். வேறு எஞ்சினில் பெயர் மாறும், காரணம் மாறாது.

முதல் தவறு, எஞ்சினுக்குள் போடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் எம்பி3 ஆக்கியது. ஃபோல்டர் சிறுத்தது, மனம் குளிர்ந்தது. ஆனால் யூனிட்டி அந்த எம்பி3-ஐ அப்படியே ஆப்புக்குள் வைப்பதில்லை. அதை விரித்து, நாம் `Compression Format`-இல் தெரிவு செய்த வடிவத்தில், எனக்கு அது வோர்பிஸ், மறுபடி சுருக்குகிறது. ஆகவே ஃபோல்டரில் இருப்பது 7 எம்பியா, 700 கேபியா என்பது ஆப்பின் அளவை மாற்றாது. மாறுவது ஒன்றுதான்: ஒலி இரண்டு தடவை அடிபடுகிறது. எம்பி3 தூக்கி எறிந்தது போக மிச்சத்திலிருந்து வோர்பிஸ் இன்னும் கொஞ்சம் எறிகிறது, அதோடு முதல் சுருக்கத்தின் கறைகளையும் இசை என்று நினைத்துக் காப்பாற்றப் பார்க்கிறது. ஒலி ஃபைலைக் கிளிக் செய்தால் இன்ஸ்பெக்டரின் அடியில் `Original Size`, `Imported Size` என்று இரண்டு வரி தெரியும். ஆப்புக்குள் போவது இரண்டாவது. அதை மட்டும் பார்த்தால் போதும்.

தவறு புரிந்ததும் எம்பி3-ஐத் திரும்ப வேவ் ஆக்கிப் பார்த்தேன். பெரிய ஃபைல் கிடைத்தது, ஒலி அதே ஒலி. டஸ்ட் ஆகிவிட்ட தேயிலைத் தூளை எத்தனை தடவை சலித்தாலும் பெரிய துகளான பி.ஓ.பி. வராது. வாட்ஸ்அப்பில் வொயிஸ் மெசேஜாக வந்த பதிவுக்கும் இதே கதிதான். காமன் கூத்தில் பதிவு செய்த தப்பு எனக்கு அப்படித்தான் வந்து சேர்ந்திருந்தது. பதிவு செய்தவரிடம் கெஞ்சி, மூல ஃபைலை டொக்கியூமென்டாக அனுப்பச் சொல்லி வாங்கினேன்.

எம்பி3-க்கு இன்னொரு கெட்ட பழக்கம் உண்டு. டிஜிட்டல் ஒலி என்பது கணத்துக்குக் கணம் எடுத்த அளவீடுகள், அவைதான் மாதிரிகள். எம்பி3 ஒலியை 1152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக வெட்டித்தான் அடுக்கும். கடைசித் துண்டு நிறையாவிட்டால் மௌனத்தை வைத்து நிரப்பும். தொடக்கத்திலும் சுருக்கும் என்கோடரும் விரிக்கும் டிகோடருமாகச் சேர்ந்து ஆயிரத்துச் சொச்சம் மாதிரி மௌனத்தைச் சேர்க்கும். 44,100 ஹேர்ட்ஸில் அது ஏறக்குறைய 25 மில்லி செக்கன். சில டிகோடர்கள் அதை வெட்டிவிடும், சில வெட்டாது. பாட்டுக் கேட்பவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சுற்றிச் சுற்றி ஓடும் மழைக்கோ, ஒவ்வொரு சுற்றிலும் கூரை ஒரு கணம் விக்கும். வோர்பிஸ் மொத்த மாதிரிகளின் எண்ணிக்கையைச் சரியாக எழுதி வைத்துக்கொள்வதால் வேவிலிருந்து நேராக அதற்குப் போனால் இந்த விக்கல் வராது.

இனி மழைக்கே வருகிறேன், ஏனென்றால் பெரிய பாடம் அதில்தான் இருந்தது. "மழை என்ன, வெறும் இரைச்சல்தானே, யார் கவனிப்பார்கள்" என்று நினைத்து அதற்குத்தான் ஆகக் குறைந்த `Quality` கொடுத்திருந்தேன். புல்லாங்குழல் இசைக்கு அதைவிட அதிகம். உண்மை தலைகீழ். குழலில் ஒரு நேரத்தில் சில அலைவரிசைகளில்தான் சக்தி இருக்கும். மிச்சத்தை எறிந்தாலும் காதுக்குத் தெரியாது. மழையில் அடியிலிருந்து உச்சிவரை எல்லா அலைவரிசையும் ஒரே நேரத்தில், எந்த ஒழுங்கும் இல்லாமல் நிரம்பியிருக்கும். என்கோடருக்கு மிகக் கஷ்டமான தீனி அது. பிட் போதாதபோது சில பட்டைகளை அணைத்து, அடுத்த கணம் ஏற்றி, மறுபடி அணைக்கும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் காது கொதிப்பாக, குமிழியாகக் கேட்கிறது. கைதட்டல், பீலித் தண்ணீர், சுள்ளி எரியும் சத்தம் எல்லாம் இந்த வகைதான்.

தரத்தைக் கூட்டினால் அளவும் கூடுமே என்றால், கை வைக்க வேண்டியது தரத்தில் அல்ல, நீளத்திலும் சானலிலும். என்னிடம் இருந்தது 40 செக்கன் ஸ்டீரியோ மழை. சுருக்காத கணக்கில் செக்கனுக்கு 176.4 கேபி, ஆக 7 எம்பி. அதைத் தூக்கிவிட்டு, அதே பதிவின் வெவ்வேறு இடங்களிலிருந்து இரண்டு மோனோத் துண்டுகளை எடுத்தேன். ஒன்று 11 செக்கன், மற்றது 13. இரண்டையும் ஒரே நேரத்தில் சுற்றவிட்டு, `Stereo Pan`-இல் ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் பாதியளவு தள்ளினேன். 11-க்கும் 13-க்கும் பொது வகுத்தி இல்லாததால் இரண்டும் மறுபடி ஒரே இடத்தில் சந்திக்க 143 செக்கன் ஆகும். பழைய மழை 40 செக்கனில் திரும்பியது. இப்போது இருப்பது 24 செக்கன் மோனோ, சுருக்காமலே 2.1 எம்பி. `Quality`-ஐ நன்றாக உயர்த்தி வைத்தும் பழையதைவிடச் சிறியது.

துண்டின் முனைகளைத் தைப்பதில் ஒரு நுணுக்கம். 13 செக்கன் வேண்டுமென்றால் 15 செக்கன் எடுத்து, கடைசி 2 செக்கனை வெட்டி, தொடக்கத்தின் மேல் இன்னொரு ட்ராக்கில் வைத்து, அது மங்க இது எழும்படி கலக்க வேண்டும். ஒடாசிட்டி என்ற ஒலி வெட்டி ஒட்டும் மென்பொருளில் `Crossfade Tracks` அதைச் செய்யும். அங்கே `Constant Gain` எடுத்தால் தையலின் நடுவில் மழை ஒரு கணம் தணிந்த மாதிரி இருக்கும், ஏனென்றால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரைச்சல்கள் கூடும்போது அந்தக் கணக்கு 3 டெசிபல் குறைவாக வரும். மழைக்கு `Constant Power` வகைதான் சரி.

மோனோ என்றதும் அடுத்த தவறு ஞாபகம் வருகிறது. செருப்புச் சத்தம், மணி, தப்பு எல்லாவற்றுக்கும் `Force To Mono` போட்டேன். நல்ல வேலைதான்; ஒரு புள்ளியிலிருந்து வரும் சத்தத்துக்கு இரண்டு சானல் வீண். ஆனால் அதன் கீழேயே `Normalize` என்று ஒரு பெட்டி, ஏற்கெனவே டிக் போட்டபடி இருக்கும். அது ஒவ்வொரு ஒலியையும் உச்சம்வரை உயர்த்திவிடும். மெதுவாக இருக்கவேண்டிய சேற்று மிதிப்பு கோயில் மணிக்குச் சமமாக நின்றது. சுருக்கியதில் ஒலி கெட்டுவிட்டது என்று அரை நாள் `Quality`-ஐக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தேன். கெட்டது தரமல்ல, சமநிலை. டிக்கை எடுத்ததும் சரியாயிற்று. பின்னணி இசையை மட்டும் மோனோ ஆக்க வேண்டாம். இரண்டு சானலுக்கும் பொதுவானதை வோர்பிஸ் சேர்த்தே எழுதுவதால், மோனோ ஆக்கினாலும் நினைக்கிற மாதிரி பாதி மிச்சமாகாது. இசையின் அகலம்தான் போகும்.

செக்கனுக்கு எத்தனை மாதிரி என்ற சாம்பிள் ரேட்டைப் பாதியாக்குவதும் இப்படியான ஆசைதான். 22,050 ஹேர்ட்ஸுக்கு இறக்கினால் 11,025-க்கு மேலே ஒன்றும் மிஞ்சாது. தூரத்து இடிக்கும் கோச்சியின் உறுமலுக்கும் அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை, தாராளமாக இறக்கலாம். தப்போ வேறு. நெருப்பில் காய்ச்சி இறுக்கிய தோலில் மெல்லிய குச்சி விழும்போது வரும் அந்தச் 'சடார்' மேலேதான் இருக்கிறது. இறக்கிக் கேட்டால் யாரோ அட்டைப்பெட்டியில் தட்டுகிற மாதிரி இருக்கும். சந்தேகமென்றால் ஒடாசிட்டியில் ஸ்பெக்ட்ரோகிராம் பார்வைக்கு மாற்றி, 11 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே நிறம் இருக்கிறதா என்று பாருங்கள்.

தப்புக்கு வோர்பிஸும் குறைந்த தரத்தில் சிக்கல் கொடுக்கும். பெரிய துண்டு ஒன்றில் முதல் பாதி மௌனம், பிற்பாதி அடி என்றால், சுருக்கியதில் வரும் பிழை துண்டு முழுக்கப் பரவி, அடி விழுவதற்கு முன்பே ஒரு மெல்லிய 'ஸ்ஸ்' வரும். அடியின் கூர்மை மழுங்கும். இப்படிக் குட்டையான, முரடான, அடிக்கடி வரும் சத்தங்களுக்கு `ADPCM` என்ற இன்னொரு சுருக்க வடிவம் நல்லது. ஏறக்குறைய மூன்றரை மடங்குதான் சிறுக்கும், ஆனால் விரிக்க போனுக்கு வேலை குறைவு, அடியும் அடியாகவே இருக்கும். செருப்புச் சத்தத்தையும் அதிலேயே போட்டேன். அதே உற்சாகத்தில் கோயில் மணியையும் போட்டதுதான் தவறு: மணி அடங்கி அடங்கிப் போகும் இடத்தில் மணல் கரகரத்தது.

ஒரு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆப் சிறுத்ததும் ரேம் சிறுத்துவிடாது. இரண்டரை நிமிட ஸ்டீரியோ இசைக்கு `Load Type` என்பதில் `Decompress On Load` வைத்தால் போனின் ரேமில் அது 26 எம்பியாக விரிந்து உட்காரும். பழைய போனில் கேம் திடீரென்று மூடிக்கொள்ள அதுவும் ஒரு காரணம். இசைக்கு `Streaming`, குட்டிச் சத்தங்களுக்கு மட்டும் `Decompress On Load`.

கடைசியாக, எந்தத் தரம் போதும் என்று எப்படித் தெரிவது? போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்டால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். ஹெட்செட்டில்தான் குட்டு வெளிப்படும். அதைவிட மோசம், எது சுருக்கியது என்று தெரிந்துகொண்டே கேட்பது. தெரிந்தால் இல்லாத கரகரப்பும் கேட்கும். நான் தங்கச்சியை மடிக்கணினிக்கு முன்னால் உட்காரவைத்து, மூலத்தையும் சுருக்கியதையும் நாணயம் சுண்டி மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தடவை எதுவென்று சொன்னேன். ஐந்து, ஆறு சரியென்றால் வெறும் ஊகம். ஒன்பது, பத்து என்றால் உண்மையாகவே கேட்கிறது. சும்மா ஊகித்து அந்த எண்ணிக்கை வர நூற்றில் ஒரு வாய்ப்புத்தான்.

புதிய மழையில் ஐந்து. தப்பில் ஆறு. `ADPCM` மணியில் பத்துக்குப் பத்து. மணியை மட்டும் வோர்பிஸுக்கு மாற்றி மறுபடி கேட்டேன், ஆறு வந்தது. "இன்னும் எத்தன தடவ மணி அடிக்கணும்ண்ணே, சாமி எந்திரிச்சு வந்துரும்" என்று தங்கச்சி எழுந்து போய்விட்டாள். மணியை அப்படியே விட்டுவிட்டேன்.